செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்குறீங்களா? பணம் அனுப்பும் முன் பில், சீரியல் எண், பூட்டு... எதை, எப்படிப் பார்ப்பது?

பெருங்குடியில் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர், ஆன்லைன் விளம்பரம் பார்த்து 32,000 ரூபாய்க்கு ஒரு பழைய திங்க்பேட் வாங்கினார். கீறல் இல்லை. பேட்டரி நாலு மணி நேரம் நின்றது. விண்டோஸ் 11 சிக்கல் இல்லாமல் ஓடியது. மூன்று வாரம் அதில்தான் எல்லா வேலையும் நடந்தது. ஒருநாள் ஏதோ மென்பொருள் தகராறு என்று முழுசாக ரீசெட் செய்துவிட்டு, வீட்டு வைஃபையில் இணைத்தார். வழக்கமான வரவேற்புத் திரை வரவில்லை. அதற்குப் பதிலாக ஒரு நிறுவனத்தின் பெயரும் லோகோவும் வந்து, அந்த நிறுவன மின்னஞ்சலையும் பாஸ்வேர்டையும் கேட்டது.

விற்றவரின் போன் அணைந்திருந்தது. வேறு வழியில்லாமல் அந்த நிறுவனத்துக்கே மெயில் போட்டார். இரண்டு நாளில் பதில் வந்தது. 'அது எங்கள் லேப்டாப். வேலையை விட்டுப் போன ஊழியர் திருப்பித் தரவில்லை. தயவுசெய்து எங்களிடம் ஒப்படைத்துவிடுங்கள்.' ஒப்படைத்துவிட்டார். 32,000 ரூபாய் போனது போனதுதான்.

இத்தனைக்கும் அவர் சோதிக்காமல் வாங்கவில்லை. கீபோர்டில் ஒவ்வொரு பட்டனையும் தட்டிப் பார்த்தார், கேமரா பார்த்தார், யூஎஸ்பி போர்ட் எல்லாவற்றிலும் பென்டிரைவ் செருகிப் பார்த்தார். பெட்டி நல்ல பெட்டிதான். ஆனால், அதை விற்கும் உரிமை விற்றவரிடம் இல்லை. இது கீபோர்டைத் தட்டினால் தெரிகிற விஷயமல்ல.

ஏன் இப்போது இந்தப் பேச்சு?

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ம் தேதியோடு நிறுத்தியது. நிறுவனங்கள் எப்படியும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஊழியர்களின் லேப்டாப்பை மாற்றுவது வழக்கம். இந்தத் தேதி அதற்கு இன்னொரு காரணமாக அமைந்தது. அப்படிக் கழித்துக் கட்டப்படும் லாட்டிட்யூட், திங்க்பேட், எலைட்புக் வகைகள்தான் செகண்ட் ஹேண்ட் சந்தையில் அதிகம் தேடப்படுபவை. உறுதியான பெட்டி, நியாயமான விலை, நல்ல கீபோர்டு என்பதால் விவரம் தெரிந்தவர்களும் இவற்றைத்தான் தேடுகிறார்கள்.

அலுவலக லேப்டாப் என்பதாலேயே ஒரு தனிச் சிக்கலும் கூடவே வருகிறது. வீட்டுக்கு வாங்கிய லேப்டாப்பில் ஃபார்மட் செய்தால் பழைய சொந்தக்காரரின் பிடி போய்விடும். அலுவலக லேப்டாப்பில் அப்படிப் போகாமல் இருக்க வாய்ப்புண்டு. நண்பர் மாட்டியது அங்கேதான்.

பழைய போனுக்கு ஒரு வசதி இருக்கிறது. ஐஎம்இஐ எண்ணைக் கொடுத்தால், அது முடக்கப்பட்ட போனா என்று அரசின் சஞ்சார் சாத்தி தளம் சொல்லிவிடும். லேப்டாப்புக்கு அப்படி எண்ணைப் போட்டுப் பார்க்கும் பொதுப் பதிவேடு கிடையாது. நாம்தான் துண்டு துண்டாகச் சோதித்துச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது முறை வாங்கப் போனபோது நண்பர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். சென்னை ரிச்சி தெருவில் ஒரு சின்ன கடை. டெல் லாட்டிட்யூட் 5420, விலை 29,500 ரூபாய். அங்கே என்னென்ன பார்த்தோம் என்பதை வைத்தே மிச்சத்தைச் சொல்கிறேன்.

பில்: விற்பவர் யார் என்பதுதான் முதல் கேள்வி

பில் என்றாலே எல்லோரும் வாரன்டிக்கு என்று நினைக்கிறார்கள். பழைய லேப்டாப்பில் வாரன்டி பெரும்பாலும் முடிந்திருக்கும். பில் தேவைப்படுவது வேறு காரணத்துக்கு. விற்பவருக்குப் பொருள்மேல் எவ்வளவு உரிமை இருக்கிறதோ, அதைவிடக் கூடுதல் உரிமை வாங்குபவருக்கு வராது என்கிறது 1930-ம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டத்தின் 27-வது பிரிவு. சில விதிவிலக்குகள் உண்டு. ஆனால், 'நான் முழுப் பணம் கொடுத்துத்தானே வாங்கினேன்' என்பது மட்டுமே விதிவிலக்கு ஆகாது.

கிரிமினல் பக்கமும் ஒன்று இருக்கிறது. திருட்டுப் பொருள் என்று தெரிந்தோ, அப்படி நம்பக் காரணம் இருந்தோ, நேர்மையற்ற எண்ணத்தோடு வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 317-வது பிரிவில் மூன்று ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். இந்தப் பிரிவில் பலரும் கவனிக்காத இடம் ஒன்று உண்டு. 'திருட்டுப் பொருள்' என்றால் பூட்டை உடைத்துத் தூக்கியது மட்டும் இல்லை. நம்பி ஒப்படைத்ததைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டதும் அதற்குள் வரும். 'கம்பெனி லேப்டாப்தான் ப்ரோ, ரிசைன் பண்ணப்புறம் அவங்க திருப்பிக் கேக்கவே இல்ல' என்று யாராவது சொன்னால், அங்கேயே எழுந்து வந்துவிடலாம். கேட்கவில்லை என்பதால் பொருள் அவருடையதாகிவிடாது.

விற்பவர் யார் என்பதைப் பொறுத்து, கேட்க வேண்டிய காகிதமும் மாறும். தனக்காக வாங்கிப் பயன்படுத்தியவர் என்றால் அவர் பெயரில் உள்ள அசல் பில். நிறுவனமே பழைய லேப்டாப்பை ஊழியருக்கு விற்றது என்றால், அப்படி விற்றதற்கான பில்லோ கடிதமோ. பழைய பொருள் கடை என்றால், முதல் முதலில் அந்த நிறுவனம் வாங்கிய பில் கடைக்காரரிடம் இருக்காது. மொத்தமாக ஏலத்திலோ டீலரிடமோ எடுத்திருப்பார். அங்கே நாம் கேட்க வேண்டியது அந்தக் கடையின் சொந்த பில், அதுவும் சீரியல் எண் எழுதிய பில்.

நாங்கள் போன கடையில் முதலில் கொடுக்க வந்தது ஒரு துண்டுச் சீட்டு. 'ஒன் லேப்டாப், 29,500' என்று மட்டும் இருந்தது. "இதுல சீரியல் நம்பர் எழுதிக் கொடுங்கண்ணே" என்றதும், "அதெல்லாம் யாரும் கேக்கறதில்ல தம்பி" என்றார். பிறகு கம்ப்யூட்டர் பில் போட்டார். வேறு எந்தக் காரணமும் சொல்லவில்லை. கேட்டால் கொடுக்கிறார்கள், கேட்கத்தான் ஆளில்லை.

பில்லில் ஜிஎஸ்டி எண் இருந்தால் அதைச் சோதிக்க ஒரு நிமிடம் போதும். அது 15 எழுத்துகள் கொண்டது. முதல் இரண்டு இலக்கம் மாநிலம். தமிழ்நாட்டுக்கு 33, கர்நாடகாவுக்கு 29. அடுத்த பத்தும் பான் எண். services.gst.gov.in தளத்தில் லாகின் இல்லாமலேயே இந்த எண்ணைத் தேடலாம். கடையின் பெயர், பதிவு செய்த தேதி, பதிவு இப்போதும் உயிரோடு இருக்கிறதா, ரத்தானதா என்று காட்டும். பில்லில் ஒரு பெயரும் தளத்தில் வேறு பெயரும் வந்தால் கேளுங்கள். சட்டப் பெயரும் கடைப் பெயரும் வேறாக இருப்பது சகஜம்தான், தளம் இரண்டையுமே காட்டும். ஜிஎஸ்டி எண் இல்லை என்பதற்காக மட்டும் கடையைச் சந்தேகிக்க வேண்டாம். ஆண்டு விற்பனை 40 லட்சம் ரூபாய்க்குள் இருந்து, மாநிலத்துக்குள்ளேயே பொருள் விற்கும் சிறு கடைகள் பொதுவாகப் பதிவு செய்யத் தேவையில்லை.

தனிநபர் காட்டும் அசல் பில் போலியா என்று பார்க்க கணக்கு உதவும். லேப்டாப்புக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம். 59,990 ரூபாய் என்று மொத்தம் போட்டிருந்தால் அதில் பொருளின் விலை 50,838.98 ரூபாய், வரி 9,151.02 ரூபாய். தமிழ்நாட்டுக் கடையில் நேரில் வாங்கியது என்றால் அந்த வரி மத்திய, மாநிலப் பங்காக 4,575.51 வீதம் இரண்டாகப் பிரிந்திருக்கும். பெங்களூரு விற்பனையாளர் ஆன்லைனில் சென்னை முகவரிக்கு அனுப்பியது என்றால் மொத்தமாக ஐஜிஎஸ்டி என்று ஒரே வரியாக இருக்கும். போனில் எடிட் செய்து தொகையை மாற்றியவர்கள் வரியை மாற்ற மறந்துவிடுவார்கள், அல்லது எண் 29-ல் தொடங்க, சென்னைக்கு அனுப்பிய பொருளுக்கு வரியை இரண்டாகப் பிரித்திருப்பார்கள். இந்தக் கணக்கைப் புதுப் பொருளின் பில்லுக்கு மட்டும் போடுங்கள். பழைய பொருள் விற்கும் கடைகள் தங்களுக்குக் கிடைக்கும் லாபத்துக்கு மட்டும் வரி கட்ட விதி அனுமதிக்கிறது. அதனால் அவர்கள் பில்லில் 18 சதவீதக் கணக்கு பொருந்தாமல் போகலாம், அது தவறில்லை.

சீரியல் எண்: பில்லும் பெட்டியும் ஒன்றுதானா?

பில் அசலாகவே இருந்தாலும், அது இந்த லேப்டாப்பின் பில்தானா என்பது தனிக் கேள்வி. இரண்டையும் கட்டிப்போடும் கயிறு சீரியல் எண்தான். டெல்லில் இதை சர்வீஸ் டேக் என்பார்கள், ஏழு எழுத்து.

எல்லோரும் பார்ப்பது அடிப்பக்க ஸ்டிக்கர். அது பிளாஸ்டிக் மூடியில் ஒட்டிய காகிதம், அவ்வளவுதான். நம்ப வேண்டியது மதர்போர்டில் பதிந்திருக்கும் எண்ணை. விண்டோஸில் பவர்ஷெல் திறந்து இதை டைப் செய்தால் வரும்:

```
(Get-CimInstance Win32_BIOS).SerialNumber
```

இன்னும் நேரடியான வழி, லேப்டாப்பை அணைத்துப் போடும்போதே பயாஸுக்குள் போவது. டெல்லில் F2, திங்க்பேடில் F1, எச்பியில் F10. முதல் பக்கத்திலேயே எண் இருக்கும். இங்கே இன்னொரு லாபமும் உண்டு. பயாஸுக்குள் நுழையும்போதே பாஸ்வேர்டு கேட்டு, அது விற்பவருக்குத் தெரியாது என்றால், அந்தப் பேரம் அங்கேயே முடிந்தது. திங்க்பேடில் சூப்பர்வைசர் பாஸ்வேர்டு மறந்துபோனால் மதர்போர்டையே மாற்ற வேண்டும் என்பதுதான் லெனோவோ சொல்லும் அதிகாரபூர்வ வழி.

ரிச்சி தெருக் கடையில் எங்களுக்கு இங்கேதான் ஒரு சறுக்கல். ஸ்டிக்கரில் ஒரு டேக், பயாஸில் வேறு டேக். நண்பர் முகம் மாறிவிட்டது. கடைக்காரர் பதறவில்லை. "பழைய மூடி உடைஞ்சிருந்துது, இன்னொரு பீஸோட மூடிய மாட்டிருக்கோம். வேணா கழட்டிக் காட்டறேன்" என்றார். இது நடக்கிற விஷயம்தான். பத்து லேப்டாப்பைப் பிரித்து எட்டாகச் சேர்க்கும் தொழிலில் மூடி மாறுவது சாதாரணம். அதனால் எண் மாறியிருப்பதை மட்டும் வைத்துத் திருட்டு என்று முடிவு கட்ட முடியாது. கேட்டதும் காரணம் வருகிறதா, பில்லில் எந்த எண்ணை எழுதச் சம்மதிக்கிறார் என்பதைப் பாருங்கள். எழுத வேண்டியது பயாஸில் இருக்கும் எண். அவர் அதையே எழுதினார்.

மாறாக, பயாஸில் எண்ணே இல்லாமல் 'Default string', 'To be filled by O.E.M.', 'INVALID' மாதிரி எதாவது வந்தால், மதர்போர்டு வெளியே எங்கோ மாற்றப்பட்டிருக்கிறது அல்லது எண் அழிக்கப்பட்டிருக்கிறது என்று பொருள். நிறுவனத்தின் சர்வீஸ் சென்டரில் போர்டு மாற்றினால் பழைய எண்ணைத் திரும்ப எழுதித்தான் தருவார்கள். பெரிய பிராண்டு லேப்டாப்பில் எண் காலியாக இருந்தால் நான் வாங்க மாட்டேன்.

கிடைத்த எண்ணை டெல், லெனோவோ, எச்பி என்று அந்தந்த நிறுவனத்தின் சப்போர்ட் தளத்தில் போட்டுப் பாருங்கள். மாடல் பெயர் வரும், வாரன்டி எப்போது தொடங்கியது அல்லது முடிகிறது என்று வரும். கையில் இருப்பது 5420 என்றால் தளமும் அதையே சொல்ல வேண்டும். பில் தேதியையும் இதோடு ஒப்பிடுங்கள். தொழிற்சாலையை விட்டு லேப்டாப் கிளம்பியது 2021 ஜூலை என்று தளம் சொல்ல, பில் 2021 மார்ச் தேதியில் இருந்தால், அந்த பில் வேறு எதற்கோ போட்டது.

பூட்டு: பழைய சொந்தக்காரர் உண்மையிலேயே கையை எடுத்துவிட்டாரா?

நண்பரின் பணத்தை விழுங்கியது இதுதான். அதனால் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

நிறுவனங்கள் மொத்தமாக லேப்டாப் வாங்கும்போது, ஒவ்வொன்றின் வன்பொருள் அடையாளத்தையும் மைக்ரோசாஃப்ட்டின் ஆட்டோபைலட் என்ற சேவையில் தங்கள் பெயரில் பதிவு செய்துகொள்ளலாம். புது ஊழியர் லேப்டாப்பை முதல்முறை திறந்து இணையத்தில் இணைத்ததும், அது மைக்ரோசாஃப்ட் சர்வரிடம் 'நான் யாருடையது?' என்று கேட்கும். பதிவு இருந்தால் நிறுவனத்தின் பெயரோடு உள்நுழைவுத் திரை வரும். ஐடி ஆட்கள் தொடாமலேயே லேப்டாப் தயாராகிவிடும். நல்ல வசதிதான்.

இந்தப் பூட்டு லேப்டாப்புக்குள் இல்லை என்பதைப் புரிந்துகொண்டால் மிச்சம் எல்லாம் புரிந்துவிடும். பதிவு இருப்பது சர்வரில், அது பிணைந்திருப்பது மதர்போர்டின் அடையாளத்தோடு. ஆகவே ஃபார்மட் செய்தாலும், எஸ்எஸ்டியையே கழற்றிப் புதிது போட்டாலும் பதிவு அப்படியே இருக்கும். அதே சமயம், சர்வரிடம் அந்தக் கேள்வி கேட்கப்படுவது விண்டோஸின் முதல் அமைப்பின்போதுதான். இணையம் இல்லாமல் விண்டோஸை நிறுவி, சாதாரண யூசர் கணக்கு ஒன்றை உருவாக்கிவிட்டால் கேள்வியே எழாது. பிறகு நெட்டில் இணைத்தாலும் ஒன்றும் நடக்காது. நண்பரிடம் விற்கப்பட்ட லேப்டாப் மூன்று வாரம் சமர்த்தாக ஓடியது இதனால்தான். அடுத்த ரீசெட்டில் கேள்வி கேட்கப்பட்டது, பதில் வந்துவிட்டது.

ஆகவே விற்பவர் ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் டெஸ்க்டாப்பைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது. முதல் கட்டமாக கமாண்ட் ப்ராம்ப்டில் இதைப் போடலாம்:

```
dsregcmd /status
```

வரும் பட்டியலில் AzureAdJoined அல்லது DomainJoined என்ற வரிக்கு எதிரே YES என்று இருந்தால் லேப்டாப் இன்னும் ஒரு நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. TenantName என்ற வரியில் அந்த நிறுவனத்தின் பெயரும் தெரியலாம். இரண்டும் NO என்றால் நிம்மதி அடைய வேண்டாம். நண்பரின் லேப்டாப்பிலும் அன்று போட்டுப் பார்த்திருந்தால் NO என்றுதான் வந்திருக்கும்.

உறுதியான சோதனை ஒன்றுதான். விற்பவர் முன்னிலையில், பணம் அனுப்பும் முன், லேப்டாப்பை முழுசாக ரீசெட் செய்து, உங்கள் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்துப் பார்ப்பது. Settings-க்குள் System, அதற்குள் Recovery, அங்கே Reset this PC. Remove everything என்பதையும், பிறகு Local reinstall என்பதையும் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் பல ஜிபி டேட்டா இறங்கும். இடையில் Clean data என்று ஒரு கூடுதல் தேர்வு வரும், அதைத் தொட வேண்டாம். டிஸ்க் முழுவதையும் துடைக்கிற வேலை அது, மணிக்கணக்கில் இழுக்கும். சார்ஜரைச் செருகியே வைத்திருங்கள்.

லாட்டிட்யூடில் எங்களுக்கு இதற்கு ஐம்பது நிமிடம் ஆனது. கடைக்காரர் இரண்டு டீ வாங்கிக் கொடுத்தார். ரீசெட் முடிந்து நாடு, கீபோர்டு கேட்டது. பிறகு நெட்வொர்க். ஹாட்ஸ்பாட் பாஸ்வேர்டைப் போட்டுவிட்டு மூன்று பேரும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அப்டேட் எதையோ தேடியது, ஒருமுறை அணைந்து எழுந்தது. கடைசியில் 'How would you like to set up this device?' என்ற கேள்வியும் அதன் கீழே 'Set up for personal use', 'Set up for work or school' என்ற இரண்டு தேர்வுகளும் வந்தன. தேர்வை நம்மிடம் விட்டால், அந்த லேப்டாப்பை எந்த நிறுவனமும் அந்த நேரத்தில் உரிமை கோரவில்லை என்று அர்த்தம். நண்பரின் பழைய திங்க்பேடில் இந்தத் தேர்வே வரவில்லை. நேராக நிறுவனப் பெயர்தான் வந்தது.

நெட்வொர்க் திரையில் இணைக்காமல் தாண்டிப் போக விற்பவர் அவசரப்பட்டால் விட்டுவிடாதீர்கள். சோதனையே அந்த இணைப்பில்தான் இருக்கிறது. இன்னொரு தந்திரமும் உண்டு. ஆட்டோபைலட் விண்டோஸ் ப்ரோ போன்ற பதிப்புகளில்தான் வேலை செய்யும், ஹோம் பதிப்பில் செய்யாது. லாட்டிட்யூட், திங்க்பேட் போன்ற அலுவலக வகைகள் பெரும்பாலும் ப்ரோவோடு வருபவை. அதில் ஹோம் நிறுவியிருந்தால் ஏன் என்று கேளுங்கள். அப்படிப்பட்ட லேப்டாப்பில் ரீசெட் சோதனை சுத்தமாக வந்தாலும் அதை நம்ப முடியாது. ப்ரோவைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள், இல்லையென்றால் அடுத்த கடை.

'ரீசெட் பண்ணா என் டேட்டா போயிடும் ப்ரோ' என்பது அதிகம் கேட்கும் சாக்கு. விற்கப்போகும் லேப்டாப்பில் டேட்டாவை வைத்துக்கொண்டு என்ன செய்யப்போகிறார்? எடுத்துவிட்டு வரச் சொல்லுங்கள். 'ஒரு மணி நேரம் எல்லாம் உட்கார முடியாது' என்பதில் நியாயம் இருக்கலாம். அதற்கு வழி, முந்தைய நாளே ரீசெட் செய்து நாடு கேட்கும் திரையில் நிறுத்தி வைக்கச் சொல்வது. நேரில் போய் ஹாட்ஸ்பாட்டை இணைத்தால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

பயாஸுக்குள் இருக்கும்போது இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள். Absolute அல்லது Computrace என்று ஒரு வரி இருக்கும். தொலைந்த லேப்டாப்பைத் தூரத்திலிருந்து கண்காணிக்கவும் முடக்கவும் நிறுவனங்கள் வாங்கும் சேவை அது. Enabled என்று இருந்தால் பயப்படத் தேவையில்லை, பல லேப்டாப்களில் தொழிற்சாலையிலிருந்தே அப்படித்தான் வரும். Activated என்று இருந்தால் யாரோ அதை இயக்கியிருக்கிறார்கள். அவர்கள் விடுவிக்காத வரை அந்த லேப்டாப்பைத் தொடாதீர்கள்.

பிட்லாக்கரையும் இதையும் போட்டுக் குழப்பிக்கொள்கிறவர்கள் உண்டு. பிட்லாக்கர் டிஸ்க்கில் உள்ள தகவலைப் பூட்டுகிறது. விண்டோஸைப் புதிதாக நிறுவினால் அந்தத் தகவலோடு அதுவும் போய்விடும். வாங்குபவருக்கு அது தலைவலி இல்லை.

மேக்புக் என்றால்...

மேக்கில் இரண்டு பூட்டு, இரண்டும் தனித்தனி. ஒன்று, பழைய சொந்தக்காரரின் ஆப்பிள் கணக்கோடு பிணைந்த ஆக்டிவேஷன் லாக். ஆப்பிள் சிலிக்கானிலும், டி2 சிப் உள்ள இன்டெல் மேக்கிலும் இது உண்டு. System Information-ஐத் திறந்து Hardware பகுதியில் Activation Lock Status என்ற வரியைப் பாருங்கள். Enabled என்றால் விற்பவர் உங்கள் எதிரில் தன் கணக்கிலிருந்து வெளியேற வேண்டும். 'வீட்டுக்குப் போய் எடுத்துவிடுறேன்' என்ற பேச்சுக்கு இடமில்லை. சீரியல் எண் கொடுத்தால் பூட்டு நிலையைச் சொல்லும் ஒரு பக்கத்தை ஆப்பிள் முன்பு வைத்திருந்தது, 2017-ல் எடுத்துவிட்டது. இப்போது இருப்பது வாரன்டி பார்க்கும் பக்கம் மட்டுமே. அதில் எண் சரியாக வந்தது என்பதால் பூட்டு இல்லை என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இரண்டாவது, நிறுவனத்தின் நிர்வாகப் பூட்டு. ஆட்டோபைலட்டுக்கு அண்ணன் தம்பி மாதிரி. சோதனையும் அதேதான். Erase All Content and Settings கொடுத்து, மறுபடி தொடங்கும்போது வைஃபை இணைத்து, Remote Management என்ற திரை வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் அந்த மேக் ஒரு நிறுவனத்தின் பட்டியலில் இருக்கிறது. இதில் ஓர் ஓட்டை உண்டு. நிறுவனத்தின் பட்டியலில் இருந்தும், நிர்வாக சர்வர் எதற்கும் ஒதுக்கப்படாமல் கிடக்கும் மேக்கில் இந்தத் திரை வராது. பின்னொரு நாள் அவர்கள் ஒதுக்கினால், அதற்கடுத்த அழிப்பில் வரும். அதனால்தான் சோதனை சுத்தமாக வந்தாலும் பில்லை விடக்கூடாது என்கிறேன். அசல் பில் இருந்தால் ஆக்டிவேஷன் லாக்கை நீக்கித் தர ஆப்பிளிடம் விண்ணப்பிக்கவும் வழி உண்டு.

பணம் அனுப்பும் நேரம்

இவ்வளவும் முடிந்த பிறகுதான் பணம். 'நிறைய பேர் கேக்கறாங்க, 2,000 டோக்கன் போட்டுடுங்க' என்று பார்ப்பதற்கு முன்பே கேட்டால் மறுத்துவிடுங்கள். தனிநபரிடம் வாங்கும்போது ரொக்கத்தைத் தவிர்த்து யுபிஐயில் அனுப்புவது நல்லது. அனுப்பும் முன் திரையில் தெரியும் பெயரும், பில்லில் உள்ள பெயரும், அவர் காட்டும் அடையாள அட்டையில் உள்ள பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும். 'மச்சான் நம்பருக்குப் போடுங்க' என்றால் நமக்கு மச்சானைத் தெரியாது.

கடை இல்லாமல் ஆளிடம் வாங்கினால் ஒரு வெள்ளைத்தாளே போதும். 'இந்த மாடல், இந்த சீரியல் எண் கொண்ட லேப்டாப் என் சொந்தப் பொருள், இன்று இந்தத் தொகைக்கு இவருக்கு விற்றுவிட்டேன்' என்று எழுதி, தேதி, முகவரி, போன் எண், கையெழுத்து. ஆதார் நகல் கேட்டால் சிலர் தயங்குவார்கள், அது நியாயம்தான். எண் மறைத்த ஆதாரோ ஓட்டுநர் உரிமமோ போதும். நேர்மையாக விற்கும் ஆளுக்கும் இந்தத் தாள் பாதுகாப்பு. நாளைக்கு அந்த லேப்டாப்பில் யாராவது எதையாவது செய்தால், அவர் எப்போது கைமாற்றினார் என்று காட்ட முடியும்.

ஏற்கெனவே வாங்கி மாட்டிக்கொண்டால்?

நிறுவனப் பெயர் திரையில் வந்துவிட்டது என்றால் உடனே திருட்டு என்று நினைக்க வேண்டாம். முறையாக விற்றுவிட்டு, ஆட்டோபைலட்டில் பெயரை நீக்க மறந்த ஐடி துறைகளும் இருக்கின்றன. அந்த நிறுவனத்துக்கு சீரியல் எண், திரையின் படம், நீங்கள் வாங்கிய பில், பணம் அனுப்பிய விவரம் எல்லாவற்றையும் இணைத்து மெயில் போடுங்கள். அவர்கள் விற்றது உண்மை என்றால் பதிவை நீக்கிவிட முடியும். நீக்கிய பிறகு இன்னொரு முறை ரீசெட் செய்தால் சாதாரணத் திரை வரும். யூடியூப் பார்த்துப் பூட்டைத் தாண்டிப் போவது தீர்வல்ல. பதிவு அங்கேயே இருக்கும், 'தெரிந்தே வைத்திருந்தார்' என்ற கேள்விக்கு நீங்களே ஆதாரம் சேர்த்தது போலவும் ஆகும்.

திருப்பிக் கேட்டால், சும்மா கொடுத்துவிட்டு வராதீர்கள். சீரியல் எண் எழுதிய ஒப்புதல் கடிதம் வாங்குங்கள். விற்றவர்மீது காவல் நிலையத்தில் புகார் கொடுக்க அதுதான் முக்கியமான காகிதம். விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், சாட், யுபிஐ பரிவர்த்தனை எண் ஆகியவற்றையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். விளம்பரம் நீக்கப்பட்டுவிடும் என்பதால் ஸ்கிரீன்ஷாட்டை வாங்கும் அன்றே எடுத்து வைப்பது உத்தமம். நண்பரிடம் ஒப்புதல் கடிதம் இருந்தது. ஆனால், விற்றவருக்கு ரொக்கமாகக் கொடுத்திருந்தார். புகாரில் அவரால் எழுத முடிந்தது அணைந்துபோன ஒரு போன் எண்ணை மட்டும்தான்.